மூன்று யூனிட், 18 கிலோ: மகளுக்கு இன்சுலின் ஊசி பழகும் முதல் மாதம்

"என் பொண்ணுக்கு ஆறு வயசு, 18 கிலோ. டைப் 1 சுகர்னு போன வாரம் சொன்னாங்க. இன்னும் ரெண்டு நாள்ல டிஸ்சார்ஜ். காலை 3, மதியம் 2, ராத்திரி 3 யூனிட் ரெகுலர் இன்சுலின், படுக்கும்போது 5 யூனிட் மெதுவா வேலை செய்யற என்.பி.எச். எல்லாமே பாட்டில்தான், பேனா இல்லை. வீட்டுல நான்தான் போடணும். நினைச்சாலே கை நடுங்குது. எப்படிப் பழகுறது, எங்கே தப்பு வரும்?"

மருந்தின் அளவை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். அதை நான் தொடப் போவதில்லை. அவர் எழுதிய மூன்று யூனிட், மூன்று யூனிட்டாகவே குழந்தையின் தோலுக்கடியில் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். கை நடுக்கத்தால் பெரிய கெடுதல் எதுவும் வராது. ஊசி கொஞ்சம் கோணலாகப் போனாலும் மருந்து போய்விடும். ஆபத்தான தப்புகள், குத்துவதற்கு முன்பே, சிரிஞ்சை எடுக்கும்போதும் மருந்தை இழுக்கும்போதும் நடப்பவை.

முதலில் பாட்டிலைக் கையில் எடுத்து அட்டையைப் படியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் கடையில் பாட்டிலாகக் கிடைப்பதும் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து. அதற்கென்று இருக்கும் சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில பாட்டில்களும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு மூடி ஆரஞ்சு. 40 மருந்துக்குச் சிவப்பு, 100 மருந்துக்கு ஆரஞ்சு. இதை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

40 மருந்தில் ஒரு யூனிட் என்பது 0.025 மில்லி, ஒரு சொட்டில் ஏறக்குறைய பாதி. உங்கள் மகளின் மதிய ஊசியே இரண்டு யூனிட்தான். பெரியவருக்கு 30 யூனிட் இழுக்கும்போது ஒரு கோடு கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டு யூனிட்டில் ஒரு கோடு கூடினால் மருந்து ஒன்றரை மடங்கு. ஆகவே இந்த இரண்டு நாளில், குத்துவதைவிட இழுப்பதைத்தான் அதிகம் பழக வேண்டும்.

வார்டு நர்ஸிடம் ஒரு சிரிஞ்சும் ரப்பர் மூடி உள்ள சலைன் பாட்டிலும் கேளுங்கள், கொடுப்பார்கள். பாட்டிலின் ரப்பரைப் பஞ்சால் துடைத்து, சிரிஞ்சில் மூன்று யூனிட் அளவு காற்றை இழுத்து, அந்தக் காற்றைப் பாட்டிலுக்குள் செலுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் நாளடைவில் பாட்டிலுக்குள் வெற்றிடம் உண்டாகி, மருந்து வர மறுக்கும், குமிழியும் அதிகம் வரும். ஊசி உள்ளே இருக்கும்போதே பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஆறேழு யூனிட் வரை இழுத்து, மெதுவாகத் திருப்பித் தள்ளி, மூன்றில் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பருக்கு இரண்டு வளையம் இருக்கும். ஊசிப் பக்கம் இருக்கும் வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. கீழ் வளையத்தை வைத்துப் படித்தால் கணக்கு தப்பிவிடும்.

இப்போது குமிழியைப் பாருங்கள். ஊசியில் காற்று போனால் உயிருக்கு ஆபத்து என்று சினிமாவில் பார்த்திருப்போம். தோலுக்கடியில் போடும் ஊசியில் அந்தப் பயமே வேண்டாம். காற்று இருக்கும் இடத்தில் மருந்து இருக்காது, அதுதான் பிரச்சினை. குழாயின் அகலத்தை அடைத்துக்கொண்டு ஒரு கோட்டு உயரத்துக்கு ஒரு குமிழி நின்றால் ஒரு யூனிட் போச்சு, அதாவது மதிய மருந்தில் பாதி. சிரிஞ்சை விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டினால் குமிழி மேலே ஏறும். அதைப் பாட்டிலுக்குள்ளேயே தள்ளிவிட்டு மீண்டும் இழுங்கள். இதை இருபது தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் பார்த்து "சரி" என்று சொல்லட்டும். இருபதாவது தடவை கை நடுங்காது.

படுக்கும்போது போடும் என்.பி.எச். வெள்ளையாகக் கலங்கி இருக்கும். நிறுத்தி வைத்த பாட்டிலில் மருந்து அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அப்படியே இழுத்தால் ஒரு நாள் மருந்தே இல்லாத தண்ணீரும், இன்னொரு நாள் கெட்டியான மருந்தும் போகும். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்து, முழுக்கப் பால் போல ஆன பிறகே இழுக்க வேண்டும். டானிக் பாட்டில் மாதிரி குலுக்கினால் நுரைதான் வரும். உருட்டிய பிறகும் திட்டுத் திட்டாக நின்றாலோ, கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ அந்தப் பாட்டில் கெட்டுவிட்டது. ரெகுலர் இதற்கு நேர்மாறு. அது எப்போதும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், லேசாகக் கலங்கினாலும் வேண்டாம்.

குத்துவதற்கு வருவோம். பல ஊர்களில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொல்வார்கள். விரல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது அதில் தெரியும். ஆனால் ஊசி எவ்வளவு வலிக்கும் என்பதைப் பழம் சொல்லாது. நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது, புது சிரிஞ்சில் மூன்று கோடு சலைன் எடுத்து உங்கள் வயிற்றில் ஒரு தடவை போட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினை வைத்து இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது, சலைன் மட்டும். போட்ட பிறகு பெரும்பாலானவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். குழந்தையிடம் சொல்ல உங்களுக்கு ஓர் உண்மை கிடைத்துவிடும்.

ஆறு வயதுக் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. சிரிஞ்சு ஊசியோ 6 அல்லது 8 மில்லிமீட்டர் நீளம். நேராகக் குத்தினால் சதைக்குள், அதாவது தசைக்குள் போய்விடும். அங்கே ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து வேகமாக வேலை செய்து, சர்க்கரை எதிர்பாராத நேரத்தில் இறங்கும். அதனால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மட்டும் லேசாகத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில், ஒரே மூச்சில் உள்ளே விடுங்கள். ஐந்து விரலாலும் அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். மெதுவாக மருந்தைத் தள்ளி, பத்து எண்ணி, ஊசியை வெளியே எடுத்து, அதன் பிறகே தோலை விட வேண்டும். எண்ணாமல் உடனே எடுத்தால் மருந்து ஓட்டை வழியே திரும்பக் கசியும். ஊசி போன இடத்தில் ஒரு துளி ரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம்.

வலியைக் குறைக்க இரண்டு சின்ன விஷயம். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது முழுக்கக் காய்ந்த பிறகு குத்துங்கள், ஈரத்தோடு குத்துவதுதான் சுரீர் என்று எரியும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிய தோலுக்கு ஸ்பிரிட்டே தேவையில்லை. அடுத்தது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடாதீர்கள். குளிர்ந்த மருந்து கடுக்கும். இப்போது உபயோகத்தில் இருக்கும் பாட்டில் வெளியிலேயே இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குழந்தையிடம் "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் ஊசியிலேயே அது பொய் என்று தெரிந்துவிடும். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் கண்ணு, பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். நீயே எண்ணு" என்று சொல்லுங்கள். போடலாமா வேண்டாமா என்று அவளிடம் கேட்காதீர்கள், அதற்குப் பதில் ஒன்றுதான். வலது தொடையா இடது தொடையா என்று கேட்கலாம், அது அவள் உரிமை. "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று கெஞ்சினால் இடம் கொடுக்காதீர்கள். ஊசியைக் காட்டிவிட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குப் பயத்தைத்தான் கூட்டும். மருந்தை வேறு அறையில் இழுத்து எடுத்து வந்து, உட்கார்ந்த ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். பாட்டியோ அப்பாவோ பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், அமுக்கிப் பிடிக்காமல் மடியில் அணைத்தபடி வைத்துக்கொள்ளட்டும்.

நேரமும் மருந்தின் ஒரு பகுதிதான். ரெகுலர் வேலையைத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். அதனால் சாப்பாட்டுக்கு 30 நிமிஷம் முன்பு. அதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், கையைக் கழுவிய பிறகு. வாழைப்பழம் தொட்ட விரலில் எடுத்தால் 120 இருப்பவளுக்கு மீட்டர் 250 காட்டும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் தொல்லைதான். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஊசி போட்ட பிறகு குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால், இட்லிதான் சாப்பிட வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். பால், வாழைப்பழம், பிஸ்கட் என்று எதையாவது அதே அளவு மாவுச்சத்துக்கு ஈடாக உள்ளே போகச் செய்யுங்கள். தினமும் இதே போராட்டமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு ஒட்டியே போடக்கூடிய, வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்ற முடியும்.

இப்போது சிவப்பு மூடிக்கு வருகிறேன். வழக்கமாக இப்படித்தான் நடக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிரிஞ்சு பத்து நாளில் தீர்கிறது. தெருமுனை மெடிக்கலில் "இன்சுலின் சிரிஞ்ச் குடுங்க" என்று வீட்டில் யாரோ கேட்கிறார்கள். கடைக்காரர் ஆரஞ்சு மூடி எடுத்துக் கொடுக்கிறார். மருந்து அதே 40 பாட்டில். அம்மா வழக்கம் போல மூன்று யூனிட் அளவில் நிறுத்துகிறார். அது 100 சிரிஞ்சின் மூன்று யூனிட் அளவு, அங்கே 0.03 மில்லிதான் நிற்கும். 40 மருந்தில் அது 1.2 யூனிட். நாள் முழுக்க 13 யூனிட் போக வேண்டிய இடத்தில் 5.2 யூனிட்தான் போகிறது. மறுநாள் காலையில் மீட்டர் 300-க்கு மேல் காட்டுகிறது. குழந்தை ராத்திரி படுக்கையை நனைக்கிறாள், அடிக்கடி தண்ணீர் கேட்கிறாள். "யாரோ சாக்லேட் கொடுத்துட்டாங்க" என்று வீட்டில் சண்டை நடக்கிறது. சாக்லேட்டை யாருமே கொடுக்கவில்லை. ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை திடீரென்று இரண்டு மூன்று வேளை தொடர்ந்து ஏறினால், முதலில் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள், அடுத்து பாட்டிலைத் திறந்த தேதியைப் பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு என்று வந்துவிட்டால் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். பாட்டில் தீர்ந்த அவசரத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் மூன்று கோடு இழுத்தால், அது 0.075 மில்லி. 100 மருந்தில் 7.5 யூனிட், இரண்டரை மடங்கு. கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி இழுப்பதே கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சர்க்கரை இறங்குவதை எண்ணைவிடக் குழந்தையின் முகம் முன்னதாகவே காட்டும். காரணமில்லாமல் சிணுங்குவாள், முகம் வெளுக்கும், பின்கழுத்தில் வியர்வை துளிர்க்கும், "பசிக்குது" என்று திடீரென்று கத்துவாள். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், 18 கிலோ குழந்தைக்கு சுமார் 5 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அதே அளவு குளுக்கோஸ் பவுடரும் சரி. சாக்லேட்டும் பாலும் இதற்கு உதவாது, அவற்றின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிஷம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு டீஸ்பூன். மயங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, சர்க்கரையை வேகமாக ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 25 கிலோவுக்குக் கீழே அரை மில்லிகிராம்.

ராத்திரி விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். 9.30-க்குப் போடும் என்.பி.எச்.சின் வேகம் நடுச்சாமத்திலிருந்து விடியற்காலைக்குள் உச்சத்துக்கு வரும், அவள் எதுவும் சாப்பிடாமல் தூங்கும் நேரத்தில். முதல் சில வாரமும், அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும், 2 அல்லது 3 மணிக்கு அலாரம் வைத்து விரலில் பாருங்கள். தலையணை வியர்வையில் நனைந்திருந்தாலோ, கெட்ட கனவு என்று அலறினாலோ, எழுந்ததும் தலைவலி என்றாலோ, அந்த ராத்திரி இறங்கியிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொள்வது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு நோட்டு போட்டு, ஊசி போட்ட அந்த நிமிஷமே நேரமும் அளவும் எழுதுங்கள். வீட்டில் இரண்டு பேர் ஊசி போடத் தெரிந்தவர்கள் ஆனதும் வரும் சிக்கல், "நீ போட்டியா, நான் போட்டேனா" என்பது. போட்டோமா என்று சந்தேகம் வந்தால் ரெகுலரை இரண்டாவது தடவை போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்கள், ஏறினால் டாக்டரைக் கேட்டுச் சரிசெய்யலாம். போட்ட ஊசி கசிந்துவிட்டது என்றாலும் இதேதான். எவ்வளவு கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் ஈடுகட்டப் போக வேண்டாம்.

மருந்தை வைக்கும் இடம். திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம். ஃப்ரீசருக்கு அடியிலோ பின்சுவரை ஒட்டியோ வைத்தால் உறைந்துபோகும். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் சரியாக வேலை செய்யாது. திறந்த பாட்டில் 25 முதல் 30 டிகிரிக்குள் பொதுவாக நான்கு வாரம் தாங்கும், அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் அறை 30-ல் நிற்காது. அப்போது திறந்ததையும் ஃபிரிட்ஜில் வைத்து, போடுவதற்குச் சற்று முன் வெளியே எடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஒரு பெரிய மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியைப் பதித்து, பாட்டிலை மூடிய டப்பாவில் போட்டு அதில் வைக்கலாம். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மனசு வராத ஒரு காரியமும் இதில் உண்டு. 10 மில்லி பாட்டிலில் 400 யூனிட் இருக்கும். உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு ரெகுலர் 8 யூனிட். 28 நாளில் 224 தீரும், 176 மிஞ்சும். என்.பி.எச்.சில் 140 தீர்ந்து 260 மிஞ்சும், பாதிக்கு மேல். அப்படியே கொட்டத்தான் வேண்டும். "இவ்வளவு இருக்கே" என்று மூன்றாவது மாதம் வரை இழுத்தால், மருந்து வீரியம் குறைந்து, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். புதுப் பாட்டில் திறந்த அன்று அந்தக் கூட்டிய அளவே சர்க்கரையைச் சரித்துவிடும். திறந்த தேதியை அட்டையில் பேனாவால் எழுதுங்கள்.

மூன்று நான்கு வாரம் போனால் கைக்கு வேலை பழகிவிடும். குழந்தையும் பழகிவிடுவாள், ஒரே இடத்தைக் காட்டி, "இங்கேயே போடும்மா, இங்க வலிக்கல" என்பாள். கேட்க ஆறுதலாக இருக்கும். அந்த இடத்தை உடனே தடவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி, சற்றே புடைத்துத் திரண்டிருந்தால், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டி வந்திருக்கிறது. அங்கே உணர்ச்சி குறைவு, அதனால்தான் வலிக்கவில்லை. ஆனால் அங்கே போட்ட மருந்து ஒரு நாள் ஊறாமல் நிற்கும், ஒரு நாள் மொத்தமாக இறங்கும். அந்த இடத்துக்குப் பல மாதம் ஓய்வு கொடுத்து, நல்ல தோலுக்கு மாறுங்கள். மாறும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நல்ல இடத்தில் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யும். இது வராமல் இருக்க, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். பகல் ரெகுலரைத் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிற்றில், வேகமாக ஊறும். ராத்திரி என்.பி.எச். தொடையிலோ புட்டத்தின் மேல்பக்கமோ, மெதுவாக ஊறும். அதற்குள்ளும் போன ஊசிக்கும் இந்த ஊசிக்கும் ஒரு விரல் இடைவெளி.

ஏறத்தாழ அதே நேரத்தில், அல்லது இன்னும் சில வாரம் கழித்து, இன்னொன்றும் நடக்கக்கூடும். அதே மூன்று யூனிட் போட்டும் சர்க்கரை அடிக்கடி 70-க்குக் கீழே போகும். கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் இன்சுலின் சுரப்பதுதான் காரணம். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள், சில மாதம் நீடிக்கலாம். வீட்டில் "குணமாயிடுச்சு, ஊசியை நிறுத்திப் பார்க்கலாம், அந்த ஊர் வைத்தியர் லேகியம் தர்றாராம்" என்ற பேச்சு வருவதும் இப்போதுதான். ஒரே வாரத்தில் இரண்டு தடவை 70-க்குக் கீழே போனால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள், அவர் அளவைக் குறைப்பார். குறைத்தாலும் ஊசியை அடியோடு நிறுத்த மாட்டார், குழந்தை சாப்பிடாத நாளிலும் காய்ச்சல் வந்த நாளிலும் கூட.